சந்தனப் பொட்டு

அடைக்கப்பன் செட்டியாரின் தங்கச் சேமிப்பு நிதியில் தணிக்கைக்குப் பஞ்சாங்கம்தான் நாள் குறிக்கும். சித்திரைக் கணக்கு முடிந்ததும் நல்ல நாளாக ஒன்றைப் பார்த்து, இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே சந்தாக்காரர்களுக்குச் சொல்லிவிடுவார். காஜா பேராங் தெருவிலிருந்த அவர் கடைவாசலில் மாவிலைத் தோரணம் ஏறும். அதற்கப்புறம்தான் ஆடிட்டர் சேதுராமன் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு பெட்டக அறைக்குள் நுழைவார்.

சிங்கப்பூருக்கு வடக்கிலிருந்த அந்த ரப்பர்ச் சீமையின் சுதந்திரத்துக்கு மூன்று மாதம் இருந்த அந்த ஆண்டும் அப்படியே நடந்தது. பத்துத் தோலா எடைத் தங்கக் கட்டிகள் எண்பது, வெள்ளைத் துணியில் வரிசையாக இருந்தன. செட்டியார் ஒவ்வொன்றின் மேலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். சூடம் காட்டினார். கும்பிடுகிறவருக்கு முன்னால் எண்ணிக்கொண்டிருக்க முடியுமா? சேதுராமன் அடக்கமாகக் காத்திருந்தார்.

பிறகு எண்ணினார், நிறுத்தார். அங்கொன்று இங்கொன்றாக நான்கைந்தை எடுத்து உரைகல்லில் உரைத்துப் பார்த்தார். எல்லாம் சொக்கத் தங்கம். கட்டிகளில் பொறித்திருந்த எண்களைக் குறிக்கப் பேனாவைத் திறந்தபோது செட்டியார் பதறிவிட்டார்.

“நம்பரெல்லாம் எதுக்கு ஆடிட்டர் தம்பி? எண்பதுக்கும் எழுதி முடிக்கிறதுக்குள்ள ராகு காலம் வந்துரும். எண்ணுனீக, நிறுத்தீக, போதாதா?”

போதும் என்றே சேதுராமனுக்கும் பட்டது. பேனாவை மூடினார். ‘கண்ணால் பார்த்து எண்ணினேன்’ என்று சான்றிதழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். செட்டியார் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். பார்க்கப்போனால், லட்சுமியைவிட அதைத்தான் சனங்கள் அதிகமாகக் கும்பிட்டார்கள்.

அந்தச் சனங்களில் ஒருத்தி சேதுராமனின் அக்கா பொன்னம்மா. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிச் சேர்த்த பன்னிரண்டு பவுன் நகையைத் தம்பியின் கையெழுத்தை நம்பி நிதியில் போட்டிருந்தாள். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். அப்போது வட்டிக்கு ஒரு பவுன் சேர்த்துத் தருவதாகச் செட்டியார் வாக்கு. “என் தம்பி எண்ணின தங்கம்” என்று அவள் தெருவெல்லாம் சொல்லி, இன்னும் நாலைந்து வீட்டு நகைகளையும் கொண்டுவந்து சேர்த்திருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை பக்கத்துப் பேட்டையான தெங்கேராவிலிருந்து ஆள் வந்தது. அங்கே சிதம்பரநாதன் என்பவர் இதே மாதிரி ஒரு நிதி நடத்தினார். ஊரெல்லாம் பரவிக்கொண்டிருந்த காய்ச்சலில் அவருடைய ஆடிட்டர் படுத்துவிட்டாராம். சேதுராமன் உடனே வந்து பெட்டகத்தைப் பார்த்துத் தர வேண்டுமாம்.

சிதம்பரநாதன் பகுத்தறிவுக்காரர். கடையில் சாமி படம் கிடையாது, நெற்றியில் திருநீறு கிடையாது, சுருட்டுப் புகை மட்டும் உண்டு. “நம்ம கடையில நாளும் இல்ல, கோளும் இல்ல. வாங்க, எண்ணுங்க, போங்க” என்றார் பெருமையாக.

பெட்டகம் திறந்தது. பத்துத் தோலா கட்டிகள் எண்பது இருந்தன. சேதுராமன் ஒன்றைக் கையில் எடுத்தார். பளபளவென்று துடைத்திருந்தது. ஆனால் பொறித்த எழுத்துகளின் பள்ளத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினார். சந்தனம். அடுத்த கட்டியில் சந்தனத்தோடு குங்குமமும் இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது.

கடவுள் இல்லை என்கிற மனிதரின் தங்கத்துக்கு யார் பொட்டு வைத்தது? சேதுராமனுக்குப் புரிந்துவிட்டது. போன வாரம் காஜா பேராங்கில் எண்ணிய அதே கட்டிகளைத்தான் இந்த வாரம் தெங்கேராவில் எண்ணிக்கொண்டிருக்கிறார். எண்ணைக் குறித்திருந்தால் நொடியில் சொல்லியிருக்கலாம். அவரோ ராகு காலத்துக்குப் பயந்து பேனாவை மூடிய அறிவாளி.

இந்த முறை ஒன்று விடாமல் எண்களைக் குறித்தார். பெட்டகத்தைப் பூட்டிச் சாவித் துவாரத்தின் மேல் அரக்கை உருக்கி ஊற்றித் தன் முத்திரையைப் பதித்தார்.

சிதம்பரநாதனின் சுருட்டு அணைந்துபோனது. “என்ன சார் இது? சாயங்காலம் சாமான் சிங்கப்பூர் போகணும்!”

“உங்க சாமான் எதுக்கு சிங்கப்பூர் போகணும்?”

பகுத்தறிவுக்காரர் தொலைபேசிப் பக்கம் நகர்ந்தார். சேதுராமன் தன் பழைய மோரிஸ் மைனரை விரட்டிக்கொண்டு காஜா பேராங் போய்ச் சேர்ந்தார். தொலைபேசி அவரை முந்திவிட்டிருந்தது.

கடையில் சந்தா கட்ட வந்த கூட்டம், நடுவில் பொன்னம்மா. “என்ன தம்பி, இப்படி வேர்த்திருக்கு?” என்றாள்.

“பெட்டகத்தைத் திறங்க செட்டியாரே” என்றார் சேதுராமன்.

“எமகண்டம் ஆச்சே! பன்னிரண்டு மணி போகட்டும்” என்று சிரித்த செட்டியார், அவர் தோளைப் பிடித்து உள்ளறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கே சிரிப்பு போய்விட்டது.

“எல்லாம் சிங்கப்பூர் வியாபாரி தங்கம் தம்பி. கல்யாணத்துக்கு அண்டா குண்டா வாடகைக்கு எடுக்கிற மாதிரி எடுப்போம். இங்க காட்டிட்டு தெங்கேராவுக்கு, அங்க காட்டிட்டு திரும்ப சிங்கப்பூருக்கு.”

“சனங்க நகையெல்லாம்?”

“உருக்கி வித்தாச்சு. ரப்பர் விலை ஏறும்னு அதுல போட்டேன், கவுந்துபோச்சு.” குரலை இன்னும் தாழ்த்தினார். “உங்க அக்கா பங்கு பன்னிரண்டு பவுன்தானே? என் சம்சாரம் தெய்வானை வளையலைக் கழட்டி இப்பவே தர்றேன். நீங்க தெங்கேராவுல வச்ச முத்திரையை மட்டும் எடுத்துருங்க.”

அந்த நேரம் சேதுராமன் நிஜமாகவே வளையலை மனதில் நிறுத்துப் பார்த்தார் என்பதை மறைப்பானேன்? அக்கா மகளின் கழுத்து கண்ணுக்கு முன்னால் வந்தது. வெளியே பொன்னம்மாவின் குரல் கேட்டது, யாரோ புது ஆளிடம்: “பயப்படாம போடு, என் தம்பி எண்ணினது.”

அவர் வெளியே வந்தார். “யாரும் இன்னைக்குப் பணம் கட்டாதீங்க” என்றார்.

கூட்டம் அவரைத்தான் திட்டியது. நல்ல மனுஷன் மேல் பழி போடுகிறார் என்றது. ஒருவர் சுவரிலிருந்த சான்றிதழைக் காட்டிக் கேட்டார்: “பேப்பர்ல எழுதினதை நம்புறதா, இப்ப வாயால சொல்றதை நம்புறதா?” இரண்டுமே சேதுராமன்தான்.

கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. செட்டியார் உடனே அடுத்துக் குளிகை வருகிறது என்று ஆரம்பித்தார். பொன்னம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. “சாமி குடியிருக்கிற இடத்துக்கு எந்த நேரமும் நல்ல நேரம்தான், திறங்கையா. என் தம்பி வாயை அடைக்கணும்” என்றாள்.

இத்தனை பேருக்கு முன்னால் செட்டியாருக்கு வேறு வழியில்லை. கதவு திறந்தது. உள்ளே மடித்து வைத்த வெள்ளைத் துணி இருந்தது. சூடத் தட்டு, குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம் இருந்தன. தங்கம் குன்றிமணி அளவுகூட இல்லை. எத்தனை பேருக்கு எத்தனை பவுன் என்று செட்டியார் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார் என்பதும், பெட்டகத்தில் இருப்பது யாருடையது என்பதும் சேதுராமன் ஒருநாளும் கேட்காத கேள்விகள். எண்ணுவதில் மட்டும் அவர் புலி.

கூச்சலும் அழுகையுமாகக் கடை நிறைந்தது. யாரோ போலீசுக்கு ஓடினார்கள். பொன்னம்மா அழவில்லை. சேதுராமன் அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார், திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

“நீ பொய் சொல்லலையே தம்பி. அன்னைக்கு இருந்துச்சு, நீ எண்ணினே” என்றாள் அவள். பிறகு முக்காலியில் ஏறி, சுவரிலிருந்த சான்றிதழைச் சட்டத்தோடு கழற்றி முந்தானையால் துடைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

“இது எதுக்கு அக்கா?”

“ஆவணியில மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நகை எங்கேன்னு கேட்பாங்கல்ல? இதைக் காட்டுறேன்.”