புயல் பேசிய நீள வாக்கியம்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அன்று யார் முதலில் பேசினார்கள், எங்கள் முதலாளி சார் கோபத்தில் கதவைச் சாத்தினாரா இல்லை காற்றில் சாத்திக்கொண்டதா, நிச்சயமாகத் தெரியவில்லை. படத்தை மட்டும் மறக்கவில்லை. அதை எத்தனை முறை பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

படக்கதைகளைப் பார்வையில்லாதவர்கள் கேட்கும்படி ஒலிப்பதிவாக ஆக்குகிற சிறிய நிறுவனம் அது. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்று எழுதுவது என் வேலை. நான் எழுதியதைக் குரல் கலைஞர் படிப்பார். பிறகு என் தம்பி கேட்பான்.

தம்பிக்குப் பார்வை போனது வேலைக்குப் போகிற வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு. அதற்கு முன் படக்கதை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவனுக்கு. பார்வை போன பின் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தவனை நான்தான் கேட்டுப் பார்க்கிற ஆளாக இங்கே சேர்த்துவிட்டேன். சோதனைக் காலம் முடிகிற சமயம். முடிந்ததும் நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்பது சாரின் கையில். இந்த வேலையும் போனால் அவன் திரும்ப அந்த அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்வான். அம்மா அதைப் பற்றிப் பேசுவதில்லை. நான் ஆபீசிலிருந்து வந்ததும் என் முகத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

சாருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அவசரம்'. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரியே நடப்பார்.

அந்த மாதம் வந்தது ஒரு கப்பல் தொடர்கதையின் இதழ். அண்ணன் தம்பி இருவர்: புயல், சாரல். அந்த ஓவியருக்கு ஒரே ஒரு மூக்குதான் வரையத் தெரியும். உடையை எடுத்துவிட்டால் கேப்டன் யார், சமையல்காரர் யார் என்று பெற்றவளுக்கே தெரியாது. ஆகவே அவர் யாருக்கும் உடை மாற்றுவதில்லை. புயலுக்கு ஆரஞ்சு ஜாக்கெட், முதுகில் தைத்த பெயர், நெற்றியில் ஒரு தழும்பு. சாரலுக்கு நீல ஸ்வெட்டர். உடையைப் பார், எழுதியிருக்கும் பெயரைப் பார், வசனம் எழுதிய பலூனின் வால் யாரிடம் போகிறது என்று பார். பலூனுக்குள் ஒரு பெயரைக் கூப்பிட்டிருந்தால் அது பேசுகிறவரின் பெயர் அல்ல, எதிரே இருப்பவரின் பெயர். இவற்றை வைத்துத்தான் நான் ஆளை அடையாளம் சொல்வேன்.

கடைசிப் பக்கத்தில் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் புகுகிறது. உள்ளே கேப்டன். வெளியே ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒருவன், உள்ளிருந்து பார்க்க முதுகு மட்டும் தெரிய, தனக்குப் பின்னால் இரும்புக் கதவை இழுத்துச் சாத்துகிறான். முதுகில் 'புயல்' என்ற பெயர். கேப்டனின் பலூனில் "புயல், வேண்டாம்!" கதவைச் சாத்துகிறவனின் பலூனில், "இந்தக் கதவு திறந்திருந்தா கப்பல் மொத்தமும் போயிடும், என்னை மன்னிச்சிடுங்க கேப்டன்." தொடரும்.

நான் எழுதினேன்: புயல் கதவைச் சாத்துகிறான். குரல் கலைஞர் புயலுக்கு வழக்கமாகப் பேசும் கரகரத்த குரலில் அந்த வசனத்தைப் பேசி முடித்தார்.

தம்பி கேட்டு முடித்துக் ஹெட்போனைக் கழற்றினான்.   

"அக்கா, அது புயல் இல்ல."

"ஜாக்கெட்ல பேர் இருக்குடா."

"இருக்கட்டும். பழைய கப்பல் மூழ்கினப்போ தொண்டையில அடிபட்டதுலேர்ந்து அவன் மூணு வார்த்தைக்கு மேல பேசினதே இல்ல. இங்க பாரு, ரயில் வண்டி நீளத்துக்குப் பேசுறான். அந்த பலூனோட கோடு எப்படி இருக்கு? சொல்லு."

பார்வை இருந்த காலத்தில் முந்தைய இதழ்களை அவன் படித்திருக்கிறான். தொண்டைக் காயத்துக்குப் பிறகு புயலின் பலூனை மட்டும் ஓவியர் விட்டுவிட்டு வரும் கோட்டால் வரைவார். கரகரத்த, பலவீனமான குரல் என்று பொருள். அதனால்தான் குரல் கலைஞர் அப்படிப் பேசினார்.

நான் கணினியில் பக்கத்தைப் பெரிதாக்கினேன். பலூனின் ஓரம் முழுக் கோடு. எங்கும் விட்டுப்போகவில்லை. ஜாக்கெட்டையும் பெயரையும் பார்த்த வேகத்தில் நான் கோட்டைப் பார்க்கவே இல்லை.

"முழுக் கோடுடா."

"பாத்தியா? அது சாரல். அண்ணன் ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு வந்திருக்கான்."

இதைச் சொல்ல அவன் நேராக சாரின் அறைக்குப் போனான். சுவரைத் தொட்டுக்கொண்டு போகிறவன், அன்று தொடாமல் போனான். நான் பின்னாலேயே ஓடினேன்.

சார் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஜாக்கெட் புயல்னு சொல்லுது. முதுகுல எழுதின பேர் புயல்னு சொல்லுது. கேப்டனே புயல்னு கூப்பிடுறார். மூணு சாட்சி. நீ ஒரு கோட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே. அதுவும் நீ பாக்காத கோடு."

தம்பியின் காது சிவந்தது. "கேப்டன் பாத்ததும் முதுகைத்தான் சார். அவரும் ஜாக்கெட்டைத்தான் கூப்பிடுறார்."

"பலூன்ல எழுத்து போடுறவன் கோட்டை மறந்திருப்பான்பா! இதுக்காக மறுபடி ஒலிப்பதிவா? நாளைக்கு இதழ் வெளியாகணும்."

"அப்ப சாரல்னு மாத்தாம வெளியிட்டா, கேக்குறவங்களுக்கு நாம பொய் சொல்றோம்."

 சார் மேசையில் விரலால் தட்டினார். அந்தத் தட்டலை நான் இன்னும் கேட்கிறேன்.

படக்கதையை வெளியிடுகிறவர்களிடம் கேட்கலாம் என்றேன். சார் தொலைபேசியில் பேசினார். அடுத்த இதழ் வரும்வரை கதையைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்வதில்லை. பதில் ஒரே வரியில் வந்தது: படத்தில் இருப்பதைச் சொல்லுங்கள்.

"கேட்டாச்சு, பதிலும் வந்தாச்சு" என்றார் சார். "இப்ப என்னம்மா பண்ணலாம்? உன் தம்பி, உன் படம்."

இருவரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவன் என் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

தம்பி பக்கம் பேசி அவன் சொன்னது தவறாகிவிட்டால் அவன் வேலை போகும். சார் பக்கம் பேசினால் அவன் முகம் என்ன ஆகும் என்பதை நினைக்கவே பயமாக இருந்தது. நான் படத்தைத்தான் நினைத்தேன். அதில் முகம் இல்லை. முகம் இல்லாத இடத்தில் புயல் என்று எழுதியது நான். படம் சொன்னது ஒரு ஜாக்கெட்டை மட்டும். படம் பார்க்கிறவனை ஓவியர் ஏமாற்றலாம், அது அவருடைய ஆட்டம். ஆனால் கேட்கிறவனை நான் ஏமாற்றக் கூடாது. அவனுக்குத் திரும்பிப் பார்க்கப் படம் கிடையாது, என் வாக்கியம் மட்டும்தான்.

"புயல்னும் வேண்டாம், சாரல்னும் வேண்டாம் சார்" என்றேன். "புயல்னு பேர் தைச்ச ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒருத்தன், முதுகு தெரிய, கதவைச் சாத்துறான். அப்புறம் கேப்டன் கத்துறார். கேக்குறவங்க புயல்னே நினைச்சுப்பாங்க, படம் பாக்குறவங்க நினைக்கிற மாதிரி. ஆனா அந்த வசனத்தை மட்டும் சாதாரண குரல்ல மறுபடி பேசணும். கோடு முழுசா இருக்கு."

"உனக்குமா நான் சொல்றது புரியல?" என்றான் தம்பி. "சாரல்டா அது!" கோபம் வந்தால் என்னையும் 'டா' போட்டுப் பேசுவான்.

"தெரியாததை எழுத முடியாதுடா."

"கண்ணு தெரிஞ்சவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுறீங்க."

சார் எழுந்தார். "சரி. ரெண்டு வரிக்கு மறுபடி ஒலிப்பதிவு. ஆனா ஒண்ணு. அடுத்த இதழ்ல இது வெறும் அச்சுப் பிழைன்னு தெரிஞ்சா, தம்பிக்கு வேலை இங்க இல்ல. கோபிச்சுக்காதே, எனக்கு இப்படி மாசா மாசம் நெஞ்சு தாங்காது."

அந்த மாதம் எப்படிப் போயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. தம்பி என்னிடம் சரியாகப் பேசவில்லை. பேருந்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு வருவான், ஆனால் ஒரு வார்த்தை வராது. அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு ஊமைகளைப் பெத்து வெச்சிருக்கேன்" என்றாள். நான் அந்தப் பலூனைக் கனவில் பார்த்தேன். கனவில் அதன் கோடு விட்டுவிட்டுத்தான் இருந்தது.

இதழ் வந்த காலை சார் என் மேசைக்கே வந்து நின்றார். தம்பி என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். திரையில் பக்கத்தைத் திறந்தேன்.

முதல் கட்டம். கதவைச் சாத்தியவன் திரும்புகிறான். நெற்றியில் தழும்பு, அது புயலின் தழும்பு. அடுத்த கட்டத்தில், தூரத்து ஏணியில், நீல ஸ்வெட்டரில் சாரல் நிற்கிறான்.

"யாரு?" என்றான் தம்பி.

 சார் சொன்னார். "புயல்தான்பா. நான் அப்பவே சொன்னேன்."

நாற்காலியில் தம்பியின் பிடி தளர்ந்ததை உணர்ந்தேன்.  பக்கத்தை மேலே நகர்த்தினேன், வேறு என்ன செய்வதென்று தெரியாமல். மூன்றாம் கட்டத்தில் சாரல் அண்ணனைப் பார்த்துப் பேசுகிறான். அவனுடைய பலூனை வாய்விட்டுப் படித்தேன்.

"அண்ணா, கேப்டன்கிட்ட நீ பேசினது எனக்குக் கேட்டுச்சு. உன் தொண்டைக்கு ஒண்ணும் இல்ல. இத்தனை நாளா நடிச்சிருக்கே."

 புயலின் பதில் பலூனையும் பார்த்தேன். முழுக் கோடு. பழைய கப்பல் மூழ்கிய இரவைப் பற்றி யாரும் நீளமாகக் கேள்வி கேட்கக் கூடாது என்று தொண்டை போனதுபோல நடித்ததாக அவனே ஒப்புக்கொள்கிறான்.

சார் குனிந்து திரையை நெருங்கிப் பார்த்தார். அவசரமே இல்லாமல் பார்த்தார்.

"போன மாசம் அந்த வரி கரகரப்பாவே போயிருந்தா..." என்றார்.

"இந்தப் பக்கம் கேக்குறவங்களுக்குப் புரிஞ்சிருக்காது சார்" என்றேன். "நம்ம ஒலிப்பதிவுல அவன் தெளிவா பேசினதே இல்லைன்னு ஆகியிருக்கும்."

"ஆனா ஆள் சாரல்னுதானே சொன்னான் இவன்."

"ஆள் தப்பு" என்றான் தம்பி. குரலில் கசப்பு இருந்தது. "அக்கா சொன்னதுதான் சரி. பேர் போட்டிருக்கக் கூடாது."

சார் நிமிர்ந்தார். "அச்சுப் பிழைன்னா வேலை இல்லைன்னுதானே சொன்னேன். அச்சுப் பிழை இல்லையே" என்று சொல்லிவிட்டு நடந்தார். பாதி வழியில் தம்பி பக்கம் திரும்பி, "ஆனா இனிமே ஆள் யாருன்னு நீ தீர்ப்பு சொல்லாதே. எது இடிக்குதுன்னு மட்டும் சொல்லு" என்றார்.

தம்பி அதே வாரம் நிரந்தரமானான். சில ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டு, இப்போது வேறொரு நிறுவனத்தில் அதே வேலையைச் செய்கிறான். அந்தக் கதையில் தான் தோற்றதாகவே இன்றும் நினைக்கிறான். சார் உடல்நிலை காரணமாக நிறுவனத்தை விற்றுவிட்டார். குரல் கலைஞர் வானொலிக்குப் போனார். அம்மா போன ஆண்டு இறந்தாள். நான் அதே மேசையில் இருக்கிறேன். முகம் தெரியாத கட்டங்களில் இப்போது பெயர் எழுதுவதில்லை.