பச்சை மைக்கு விட்ட இடம்

முதல்வர் ஆறுச்சாமியின் பச்சை மை படாத பட்டியல் அந்தப் பொறியியல் கல்லூரியில் பட்டியலே இல்லை. அவருடைய இனிஷியலுக்கென்று நடுவில் ஒரு நெடுவரிசை வெறுமையாக இருக்கவேண்டும். அதற்குத் தலைப்புகூடப் போடக்கூடாது. தலைப்பு இருந்தால் பேனா தயங்குகிறதாம். ஆகவே வேலைவாய்ப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் வர்ஷினி போடுகிற எக்செல் எல்லாவற்றிலும் பதிவெண், பெயர், துறை, அப்புறம் ஒரு வெற்றிடம், அதற்கப்பால் மதிப்பெண்.

கம்பெனிக்காரர்கள் நேர்முகத்துக்கு வருவதற்கு முன் கல்லூரியே ஒரு வடிகட்டல் தேர்வு வைத்தது. பதிவெண் வரிசையில் மதிப்பெண்கள் ஏறின.

"பேரு வரிசையில குடுங்க அம்மணி. பாக்க லச்சணமா இருக்கோணும்" என்றார் முதல்வர்.

வர்ஷினி ஒரு பெயரின்மேல் கர்சரை வைத்து ஏ-டு-இசட் பொத்தானை அழுத்தினாள். பெயர்கள் லட்சணமாக அடுக்கிக்கொண்டன. எக்செல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாற்பதுக்கு மேல் வாங்கியவர்களைப் பொறுக்கி எடுத்துப் பச்சை மை வாங்கிக் கம்பெனிக்கு அனுப்பினாள்.

நேர்முகத்தன்று காலையில் அவிநாசியிலிருந்து ஹர்ஷா கூப்பிட்டான். டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறவன்.

"மேம், இன்டர்வியூவுக்கு வரச்சொல்லி மெசேஜ் வந்துருக்குதுங்க. நாப்பத்தியேழு மார்க்காமுங்க."

"நல்லதுதானப்பா?"

"நான் பரிச்சையே எழுதலீங்களே மேம். ட்ரிப்ஸ்ல இருந்தேனுங்க."

போனை வைத்தபோது அறைவாசலில் லோகப்பிரியா நின்றிருந்தாள். தேர்வன்று முதல் பெஞ்சில், வர்ஷினியின் கண்ணெதிரே உட்கார்ந்து எழுதியவள்.

"ஏனுங்க மேம், எனக்கு ஆப்சென்ட் போட்டிருக்குதுங்களே? நீங்கதானே வேற பேனா குடுத்தீங்க?"

வர்ஷினி கோப்பைத் திறந்தாள். ஒரு கட்டத்தில் கர்சரை வைத்து வரிசைப்படுத்தச் சொன்னால், எக்செல் அக்கம்பக்கம் பார்த்து, எங்கே முழு வெறுமையாக ஒரு நெடுவரிசை வருகிறதோ அத்தோடு அட்டவணை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். பச்சை மைக்கு விட்ட இடம் வேலியாகிவிட்டது. இடப்பக்கம் பெயர்கள் இடம் மாறின. வலப்பக்கம் மதிப்பெண்கள் போட்டது போட்டபடி உட்கார்ந்திருந்தன. ஹர்ஷா இருந்த வரியில் லோகப்பிரியா போய் விழுந்து, அவனுடைய ஆப்சென்டை வாங்கிக்கொண்டாள். அவளுடைய நாற்பத்தெட்டு தேஜாவுக்குப் போயிருந்தது. தேஜா இந்நேரம் செமினார் ஹாலில் டை கட்டி உட்கார்ந்திருப்பான்.

இடப்பக்கத்தை மறுபடி பதிவெண்படி வரிசைப்படுத்தினாள். மதிப்பெண்கள் நகரவே இல்லை என்பதால் பெயர்கள் அவரவர் மதிப்பெண்ணுக்கு எதிரே திரும்பி வந்தன. லோகப்பிரியா, நாற்பத்தெட்டு. சேமிக்கக்கூடப் பொறுக்காமல் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு முதல்வர் அறைக்கு ஓடினாள்.

முதல்வர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட செய்தியைக் கேட்பதில் அவருக்கு நல்ல பழக்கம்.

"அப்ப உள்ள உக்காந்திருக்கறதுல பாதிப்பேரு பெயிலுங்களா?"

"ஆமாங்க சார். இன்னும் இன்டர்வியூ ஆரம்பிக்கலீங்க. இப்ப சொன்னா மாத்திரலாமுங்க."

"பெயிலானவங்களையா அனுப்புனீங்கன்னு கேப்பாங்க. அடுத்த வருசம் இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுப்பாங்களா? அதுலயும் என் கையெழுத்து வேற இருக்குது."

"அந்தப் புள்ள நாப்பத்தெட்டுங்க சார்."

"நல்லாப் படிக்கற புள்ள, எங்க போனாலும் பொழச்சுக்கும். தப்பு ஆரு பண்ணுனதுன்னு விசாரிச்சா, நெடுவரிசைமேல மெமோ குடுக்க முடியுமாங்க?" என்று சிரித்தார். "அதைச் சேவ் பண்ணாம மூடுங்க. பழசத் தெறந்து, அந்தக் காலி எடத்துல எல்லாருக்கும் 'சரிபார்க்கப்பட்டது'ன்னு போட்டுருங்க. தலைப்பும் போடுங்க. அப்பறம் பதிவெண் வரிசையில வெச்சு ஆபீசுக்குக் குடுங்க."

வர்ஷினி நின்றாள். கணபதிப் பகுதியில் வாடகை வீடு, இன்னும் நிரந்தரமாகாத வேலை. பிறகு உட்கார்ந்தாள்.

மூடினாள். பழையதைத் திறந்தாள். காலி இடத்துக்குத் தலைப்புப் போட்டு, முதல் பெயருக்கு நேரே 'சரிபார்க்கப்பட்டது' என்று அடித்துக் கீழே வரை இழுத்துவிட்டாள். பச்சை மைக்குக்கூட இனி இடமில்லை. பதிவெண் ஒன்றின்மேல் கர்சரை வைத்து அழுத்தினாள்.

இம்முறை வேலி இல்லை. அட்டவணை முழுதும் ஒன்றாக நகர்ந்தது. யாரும் யாரையும் விட்டுப் பிரியவில்லை. லோகப்பிரியாவின் ஆப்சென்ட் அவளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவள் பதிவெண்ணுக்கே வந்து சேர்ந்தது. சேமித்தாள். இனி எப்படி வரிசைப்படுத்தினாலும் அது அவளோடுதான் வரும்.

வெளியே, பின்னாலேயே வந்திருந்த லோகப்பிரியா இன்னும் நின்றிருந்தாள்.

"பாத்தீங்களா மேம்?"

"பாத்தேன் கண்ணு" என்றாள் வர்ஷினி. "சரிபாத்தாச்சு."