காம்பில்லாத பால்

மயக்க வாயு ஏறி, சிடுமூஞ்சி மெல்லத் தன் பிடியைத் தளர்த்தியது. பந்துபோலச் சுருண்டுகிடந்த எக்கிட்னாவின், எறும்பு தின்னும் அந்த ஆஸ்திரேலிய முள்விலங்கின், உடம்பு மேசைமேல் விரிந்து, முள் இல்லாத மெத்தென்ற வயிறு முதன்முறையாக வெளிச்சத்துக்கு வந்தது. டாக்டர் குனிந்து பார்த்தாள். வயிற்றில் வீக்கம்.

மிருகக்காட்சிசாலையின் மருத்துவமனையில் அவள் வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. மூத்த மருத்துவர் விடுப்பில் போயிருந்தார். பொறுப்பு முழுவதும் இவள் தலையில். புயலடித்த அன்று அடைப்புக்குள் மரம் ஒன்று சாய்ந்து, அதன் கிளை சிடுமூஞ்சியின் விலாவைக் கிழித்துவிட்டது. சுருண்டு கிடந்தபடியே தையல் போட்டு, மருந்து கொடுத்து, கூண்டிலேயே வைத்திருந்தார்கள். காயம் நன்றாகத்தான் ஆறிக்கொண்டு வந்தது. இன்று கட்டு மாற்ற மயக்கம் கொடுத்த இடத்தில்தான் இந்தப் புது வினை.

பஞ்சை எடுத்து வயிற்றை லேசாக அழுத்தினாள். ரோமத்துக்கு நடுவே கெட்டியாக ஏதோ கசிந்தது. வெள்ளையுமில்லை, மஞ்சளுமில்லை, இளஞ்சிவப்பு கலந்த ஒரு நிறம்.

“சீழ் வச்சிடுச்சுண்ணே,” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. “உள்ளுக்குள்ள பரவியிருக்கு. கீறித்தான் எடுக்கணும்.”

எதிரே நின்றிருந்தார் காப்பாளர். பதினாறு வருஷமாக அந்த அடைப்பைப் பார்த்துக்கொள்கிறவர். சிடுமூஞ்சிக்குப் பெயர் வைத்தவரே அவர்தான். கத்தித் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கத்தியைக் கையில் எடுத்தபின்தான் ஒன்று உறுத்தியது. காயம் இருப்பது வலப்பக்கம். வீக்கமோ இரண்டு பக்கமும், அளவெடுத்து வைத்ததுபோல ஒரே மாதிரி. சீழ் இப்படிக் கணக்குப் பார்த்து வைக்காது. கத்தியைக் கீழே வைத்தாள். கசிந்ததில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் வைத்தாள்.

சீழாக இருந்தால் செத்த வெள்ளணுக்கள் குவிந்துகிடக்க வேண்டும். அங்கே இருந்தவை உருண்டை உருண்டையாக, விளக்கொளியில் மின்னும் கொழுப்புத் துளிகள். தகடு நிறைய.

அது பால்.

ஒரு நொடி நிம்மதியாக இருந்தது, நல்லவேளை கீறவில்லை என்று. அடுத்த நொடியே வேறொரு கேள்வி எழுந்தது. பால் இருக்கிறதென்றால் குடிக்க ஒரு குட்டி இருக்க வேண்டும். அது எங்கே?

காப்பாளரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. இத்தனை வருஷத்தில் இங்கே எக்கிட்னா குட்டி போட்டதே கிடையாது என்றார். பெண்ணென்று சொல்லி அனுப்பியிருந்தாலும், வெளியே பார்த்து ஆண் பெண் சொல்ல முடியாத சாதி அது. வயிற்றில் காம்பும் இல்லையே என்று கேட்டார்.

“இதுக்குக் காம்பே கிடையாதுண்ணே. தோல்லயே ரெண்டு இடத்துல பொடிப்பொடியா துளை இருக்கும், அது வழியா ஊறி வரும். குட்டி அந்த இடத்தை வாயால முட்டி முட்டி உறிஞ்சிக்கும். பால்ல இரும்புச்சத்து ஜாஸ்தி, அதான் இந்த நிறம்.”

படித்ததுதான். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து, எழுதி, மறந்து, இப்போது கத்தியைத் தூக்கிய பிறகு நினைவுக்கு வந்திருக்கிறது. முட்டையைத் தாய் வயிற்றுப் பையில் வைத்துக்கொள்ளும். பத்து நாள்போல ஆனதும் அவரைவிதை அளவில் குஞ்சு வெளிவரும். பையிலேயே கிடந்து பால் குடிக்கும். முள் முளைக்கத் தொடங்கியதும் தாய்க்குக் குத்தும். அப்போது குழி தோண்டி, குட்டியை உள்ளே விட்டு, வாயை மண்ணால் மூடிவிட்டு இரை தேடப் போய்விடும். சில நாளைக்கு ஒருமுறை வந்து, வயிறு முட்டப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பவும் மூடிவிட்டுப் போகும். சிடுமூஞ்சியின் பை சுருங்கிக் காலியாக இருந்தது. அப்படியானால் குட்டி குழிக்குள். தாய் இங்கே வந்தே சில நாளாகிவிட்டது.

அந்த நேரத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தூரத்தில் ஏதோ உறுமியது.

“அது என்ன சத்தம்?” என்று கேட்டாள்.

காப்பாளரின் முகம் வெளுத்தது. “நம்ம அடைப்புலதான் டாக்டர். பொக்லைன் வந்திருக்கு. வடிகால் வெட்டுறாங்க.”

மயக்க வாயுவை நிறுத்திவிட்டு, உடனிருந்த செவிலியை விலங்கின் அருகே நிற்கச் சொல்லிவிட்டு ஓடினாள், பின்னாலேயே காப்பாளரும். நடைபாதையெல்லாம் புயல் தள்ளிய சருகும் சேறும். வழுக்கி ஒருமுறை முழங்காலில் விழுந்து எழுந்தாள். பொக்லைன் பின்வேலியைப் பிரித்து உள்ளே வந்துவிட்டிருந்தது. அதன் இரும்புப் பற்கள் மண்ணில் இறங்குவதைக் கண்டதும், எதற்கும் குரல் உயர்த்தாத அவள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றாள். ஓட்டுநர் பதறி நிறுத்தினார்.

கட்டடப் பொறியாளர் குடையோடு வந்தார். கெட்டவரல்ல. ஆனால் மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அதற்குள் வடிகால் வெட்டாவிட்டால் வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கும் வீடுகளில் தண்ணீர் புகும் என்பது அவர் கவலை. குழிக்குள் குட்டி இருக்கிறதென்று அவள் சொன்னதும், முட்டை போடுகிற ஜந்துதானே, பொரித்த குஞ்சு தானாகப் பொறுக்கித் தின்னாதா என்று கேட்டார். முட்டை போட்டால் அது எப்படிப் பாலூட்டி ஆகும் என்றும் கேட்டார். கிண்டலில்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. “சார், பாலூட்டின்னு சொல்றது குட்டி எப்படிப் பிறக்குதுங்கிறதை வச்சு இல்ல. பாலை வச்சு, ரோமத்தை வச்சு. இந்த முள்ளுகூட கெட்டிப்பட்ட ரோமம்தான். நம்ம எல்லாருக்குமே ஆதி மூதாதை முட்டை போட்டதுதான். அதுங்க தோல்ல ஊறின ஈரம்தான் பாலாச்சு. நாம முட்டையை விட்டுட்டோம். இதுவும் அந்த வாத்துமூக்கு பிளாட்டிபஸும் விடல. அவ்வளவுதான்.” நிறுத்தி, மண்ணைக் காட்டினாள். “கோழி முட்டையில குஞ்சுக்கு வேணுங்கிறதெல்லாம் இருக்கு. இது முட்டையில கொஞ்சூண்டுதான் இருக்கு. பாதி வளர்ந்ததும் வெளிய வந்துடும், மிச்சத்தையெல்லாம் பால்தான் வளர்க்கணும். உள்ள இருக்கிறது பால்குடி சார்.”

பொறியாளர் வானத்தைப் பார்த்தார். மழை இறங்கும்வரை பொறுப்பேன், அதற்குமேல் என்னால் ஆகாது என்றார்.

எங்கே தேடுவது? அடைப்பு ஒரு சின்ன மைதானம் அளவு. மூடிய குழிவாய் மண்ணோடு மண்ணாக இருக்கும். புயலில் நனைந்த மண் வேறு. ஆட்கள் மிதித்தாலே குழி சரிந்துவிடும். மண்வெட்டி வைத்துத் தேடினால் கண்டுபிடிப்பதற்கு முன் கொன்றுவிடுவோம். இடம் தெரிந்த ஒரே ஆள் மருத்துவமனையில் மயக்கம் தெளிந்துகொண்டிருந்தது.

இன்னும் தையல் பிரிக்காத விலங்கைச் சேற்றில் விட வேண்டும். காயம் பிளந்தால், மண் புகுந்து சீழ் பிடித்தால், தாய், குட்டி இரண்டும் போகும். மூத்த மருத்துவருக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. கைப்பேசியை வெறித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்துக் காப்பாளர் மெதுவாகச் சொன்னார்: “நீங்க என்ன சொன்னாலும் நான் கூட இருக்கேன்.”

“விட்டுடலாம்ணே,” என்றாள். கைப்பேசியைப் பைக்குள் போட்டாள்.

மருத்துவமனைக்குத் திரும்பி, நன்றாக மயக்கம் தெளிந்துவிட்டதா என்று மறுபடி மறுபடி பார்த்து, காயத்தின்மேல் தண்ணீர் இறங்காத பசைப்படலம் பூசி, முதுகு முட்களில் சிறிய நூல்கண்டு ஒன்றை ஒட்டினாள். அடைப்புக்குக் கொண்டுவந்து, நூல்நுனியைச் சாய்ந்த மரத்தில் கட்டினார்கள். சிடுமூஞ்சியை இறக்கிவிட்டு எல்லோரும் வேலியோரம் ஒதுங்கினார்கள்.

அது நகரவில்லை. நான்கு காலாலும் மண்ணைப் பறித்து, நின்ற இடத்திலேயே நேராகக் கீழே இறங்கி, முள் மட்டும் தெரியப் பதுங்கிக்கொண்டது. பயந்த எக்கிட்னா அப்படித்தான் செய்யும். மேற்கே இடி உருண்டது. டாக்டர் மூச்சுவிடவும் அஞ்சி நின்றாள். அது கிளம்பாவிட்டால் என்ன செய்வதென்று அவளிடம் எந்த யோசனையும் இல்லை. குட்டி ஏற்கெனவே செத்திருக்கலாம், பொக்லைன் முதல் அள்ளலிலேயே எல்லாம் முடிந்திருக்கலாம் என்றெல்லாம் மனம் ஓடியது. பொக்லைன் ஓட்டுநர் புகைக்க எடுத்ததைப் பற்றவைக்காமலே விரலிடுக்கில் வைத்திருந்தார்.

வெகுநேரம் கழித்து முட்கள் அசைந்தன. மூக்கு வெளியே வந்து காற்றைத் துழாவியது. பிறகு அது நடக்கத் தொடங்கியது. ஒரு பக்கம் சற்று நொண்டியபடி, ஆனால் நேராக. நூல் பின்னால் அவிழ்ந்துகொண்டே போயிற்று. போகும் திசை தெரிந்ததும் காப்பாளர் டாக்டரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பொக்லைன் பறித்த பள்ளத்தின் விளிம்புக்கே அது போயிற்று. சக்கரச் சங்கிலி பதிந்த தடத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று, முகர்ந்து, தோண்டியது. மண் உள்ளே சரிந்தது. சிடுமூஞ்சி மறைந்தது. நூல் இழுபட்டு இழுபட்டு, நின்றது.

உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. முதல் தூறல் விழுந்தது. பொறியாளர்தான், வடிகால் குழாய்க்குள் அடைப்பு பார்க்கிற கேமரா இருக்கிறது, கம்பி மெல்லிசுதான் என்று சொல்லிக் கொண்டுவரச் சொன்னார். டாக்டர் மண்ணில் குப்புறப் படுத்து, அதைத் துளைக்குள் அங்குலம் அங்குலமாகச் செலுத்தினாள். திரையில் மண், வேர், மண். பிறகு முள். தாய் முதுகை வளைத்துக் கிடந்தது. அதன் அடியில் எதுவோ வெளிறலாகக் கிடந்தது, அசைவில்லை.

“ஐயோ,” என்றார் காப்பாளர், காற்றுபோல.

அது அசைந்தது. முளைத்தும் முளைக்காத முள்ளோடு, கண் திறவாத ஒரு உருண்டை, தாயின் வயிற்றில் முகத்தைப் புதைத்து முட்டியது. திரும்பவும் முட்டியது. அதன் சின்ன உடம்பு சீராக ஏறி இறங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயிறு உப்பத் தொடங்கியது.

டாக்டர் கேமராவை அங்குலம் அங்குலமாக வெளியே இழுத்தாள். காப்பாளர் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்.

பொறியாளர் வடிகாலை வேலிக்கு வெளியே வளைத்து வெட்டச் சொன்னார். ஆட்கள் மழையில் நனைந்தபடியே குழியைச் சுற்றி மண்மூட்டை அடுக்கினார்கள். சிடுமூஞ்சியின் தையலில் ஒன்று பிரிந்துபோயிருந்தது. அது இரை தேட வெளியே வரும்போதெல்லாம் பிடித்து மருந்து வைத்தார்கள், அதுவும் பாலில் இறங்கினாலும் குட்டிக்குத் தீங்கில்லாத மருந்தாகப் பார்த்து. அந்த வாரங்களில் டாக்டர் சரியாகத் தூங்கவில்லை. ஒவ்வொரு மழைக்கும் எழுந்து உட்கார்ந்தாள்.

மாதங்கள் போன பிறகு ஒரு காலை, குட்டி தானே குழியை விட்டு வெளியே வந்து வெயிலில் நின்றது. பொறியாளரும் பார்க்க வந்தார். வேலியில் கையை ஊன்றி நெடுநேரம் நின்றவர், பால் மறந்தாயிற்றா என்று கேட்டார்.

“இன்னும் இல்ல சார்,” என்றார் காப்பாளர். “ஆத்தாக்காரி விட்டாத்தானே.”