தட்டின் மேல் விழுந்த எழுத்து

திரைப்படங்களுக்கு சப்டைட்டில் எழுதும் எர்மினியாவுக்குப் படம் முழுசாக வராது. திருட்டுப் போகுமென்ற பயத்தில் ஸ்கிரீன்ஷாட்களைத்தான் அனுப்புவார்கள். அவற்றின் அடியில் இருக்கும் போர்ச்சுகீசிய எழுத்தைப் பார்த்து, மொந்தேவிதேயோவிலிருந்து ஸ்பானிஷில் எழுதி அனுப்புவாள். இந்தப் படத்தில் ஒரு மீனவரின் விதவை பேசினாள்: "ராத்திரி ஆனா அவருக்கும் தட்டு வெச்சுடறேன். அப்புறம் ஞாபகம் வந்து எடுத்துடறேன்."

கணவர் வில்மர் இறந்த பிறகு எர்மினியாவும் அப்படித்தான். அந்த வரியில் ஒரு சொல்லையும் விட அவளுக்கு மனமில்லை.

படத்தொகுப்பாளன் தார்வின் போன் செய்தான். "எர்மினியாம்மா, ரெண்டு வரியும் அளவாத்தான் இருக்கு. ஆனா அந்த எழுத்து திரையில நிக்கிறதே ரெண்டு செகண்டுதான். படிக்கிறவன் கண்ணுக்கு ரெக்கையா இருக்கு? பாதியா வெட்டுங்க."

"ஸ்கிரீன்ஷாட்டுல நேரம் தெரியுமாடா? பேசி முடிச்சதும் என்ன வருது?"

"நாலு செகண்ட் பேச்சே இல்ல. ஷாட்டும் மாறல."

"அப்ப அந்த மௌனத்துலயும் எழுத்தை விட்டு வை. நிதானமாப் படிக்கட்டும்."

"விடலாம். முதல்ல இதப் பாருங்க."

அந்த மௌனத்திலிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. விதவை காலித் தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டிருந்தாள். எழுத்து அங்கேயே நின்றால், தட்டும் கைகளும் அதன் அடியில் மறைந்துபோகும்.

எர்மினியா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டாம் வரியை அழித்து, முதல் வரியைச் சுருக்கினாள்: "இன்னும் அவருக்குத் தட்டு வைக்கிறேன்."

"இது போதுமா?" என்றான் தார்வின்.

"மிச்சத்தை அவளே செய்யறா. மறைக்காதே."