கிளோயேயின் வாத்து

இறந்துபோன மகள் கிளோயே கடற்கரையில் நடக்கும் பழைய வீடியோவில், அவள் வரைந்த கார்ட்டூன் வாத்தையும் கூடவே நடக்கவிட வேண்டும் என்று தாய் மார்த் கேட்டிருந்தார். காரைக்காலில் சிறிய எடிட்டிங் ஸ்டூடியோ நடத்தும் தாமரைச்செல்வி அதை முடித்துக் காட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எம் பொண்ணு பக்கத்துல இருக்கிற மாதிரி இல்லியேம்மா," என்றார் மார்த்.

தாமரைச்செல்வி படத்தை நிறுத்தி உற்றுப் பார்த்தாள். காலை வெயில் கடல் பக்கமிருந்து வந்ததால் கிளோயேயின் நிழல் கரையை நோக்கி நீண்டிருந்தது. வாத்தின் நிழலும் அப்படியேதான் விழுந்தது. ஆனால் அதன் பாதத்துக்கும் மணலுக்கும் நடுவே மெல்லிய வெளிச்சக் கோடு தெரிந்தது. அதனால்தான் வாத்து அந்தரத்தில் மிதப்பதுபோல் இருந்தது. இரண்டு நிழல்களும் சேரும் இடமோ கூடுதலாகக் கருத்திருந்தது.

"ஒரே சூரியன்தானேங்க. நிழல் மேல நிழல் விழுந்தா இன்னும் கருக்காது. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

பாதத்தை ஒட்டி நிழலை அடர்த்தியாக்கினாள். ஈர மணலில் சுவடுகளைப் பதித்தாள். இரு நிழல்களையும் ஒரே கருமையாகக் கலந்துவிட்டுப் படத்தை ஓடவிட்டாள்.

வாத்து இப்போது மணலை அழுத்தி நடந்தது. அதன் நிழல் கிளோயேயின் நிழலுக்குள் போய்க் கலந்தது.

"அவ தனியா போகல," என்ற மார்த், தாமரைச்செல்வியின் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதார்.