பதினொரு பேரின் பக்கம்

தேர்வு முடிவு வந்த நிமிடத்திலிருந்து அண்ணனால் உட்கார முடியவில்லை. வகுப்பறைக்கும் அலுவலக அறைக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தான். அரசு வேலைத் தேர்வுகளுக்குத் தயார்செய்யும் அந்தப் பயிற்சி மையம் அவனுடையது. கணக்குப் பாடமும் அவன்தான் எடுப்பான். அட்மிஷன், போன், வெப்சைட் எல்லாம் தங்கையின் தலையில். அவள் வெளியான பட்டியலில் மாணவர்களின் தேர்வு எண்களைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை?"

"முழு வகுப்புல படிச்சவங்க பதினொரு பேர்."

"போன வருஷம் எழுபதுன்னு போட்டோமே!"

"அதுல முக்கால்வாசிப் பேர் நேர்முகத் தேர்வுக்கு ஒருநாள் பயிற்சிக்கு வந்துட்டுப் போனவங்கண்ணா. அவங்களை நாமளா படிக்க வச்சோம்?"

அவன் ஜன்னலோரம் போனான். எதிர்க் கட்டடத்தில் இருந்த இன்னொரு மையம் அதற்குள் பேனர் கட்டியிருந்தது. வரிசை வரிசையாகச் சிரித்த முகங்கள்.

"புது பேட்ச் திங்கட்கிழமை ஆரம்பம். இப்பப் போய் பதினொன்னுன்னு போட்டா எவன் வருவான்? பழைய பக்கத்தையே விடு. வருஷத்தை மட்டும் எடுத்துடு."

தங்கை பதில் சொல்வதற்குள் ஒரு அம்மா மகளுடன் உள்ளே வந்தார். வெயிலில் வந்த களைப்பு இருவர் முகத்திலும். உட்கார்ந்ததும் அந்த அம்மா கைப்பேசியை நீட்டினார். மையத்தின் முடிவுகள் பக்கம் திறந்திருந்தது.

"சார், இந்தப் பொண்ணு உங்ககிட்டதான் படிச்சுதா?"

முதல் வரிசையில், பெரிய படமாக இருந்த பெண். அண்ணன் எட்டிப் பார்த்தான்.

"ஆமாங்க. நம்ம பொண்ணுதான்."

"அப்படியா! எதிர்ல பழைய பேனர்லயும் இதே படம் தொங்குதே, அதான் கேட்டேன். ஒருத்தியே எப்படி சார் ரெண்டு இடத்துல உக்காந்து படிச்சா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன் சுவரில் இருந்த கால அட்டவணையைப் பார்த்தான். அதில் உதவி எதுவும் இல்லை.

"இங்க நேர்முகப் பயிற்சிக்கு மட்டும்தான் வந்தாங்கம்மா," என்றாள் தங்கை. "பாடம் நாங்க எடுக்கல."

"இதை நீங்களே போட்டிருக்கலாமே." அந்த அம்மா எழுந்தார். கோபப்படவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"வந்த வாய்ப்பையும் விரட்டிட்டியே!" என்று அண்ணன் கத்தினான்.

"நானா விரட்டினேன்?"

அவள் பழைய பக்கத்தைத் திரையில் திறந்தாள். படம் போடுவதற்கு முன் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சம்மதம் கேட்க வேண்டும், என்ன பயிற்சி எடுத்தார்கள் என்று படத்துக்குக் கீழே எழுத வேண்டும் என்றாள். "நீயே பேசு. உன் பிள்ளைங்கதானே."

வேறு வழி தெரியாமல் அவன் போனை எடுத்தான். முதலில் அந்தப் பெரிய படத்துப் பெண்.

"சார், நான் ஒருநாள்தான் வந்தேன். அப்படியே எழுதறதா இருந்தா போடுங்க. இல்லேன்னா எடுத்துடுங்க."

அடுத்தடுத்து அழைத்தான். ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். நாலாவதாக, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சளைக்காமல் சந்தேகம் கேட்பாளே, அந்தப் பெண். வகுப்பில் அவளுக்குத் 'தொணதொண' என்றே பெயர். பெரிய பதவி கிடைக்கவில்லை; தட்டச்சர் வேலை கிடைத்திருந்தது.

"என் படத்தையா சார்? நெஜமாவா?" என்றாள். "போன வருஷம் என் கூடப் படிச்ச அக்காவுக்கும் இதே வேலைதான் கிடைச்சுது. அவங்களை நீங்க போடலியே. சின்ன வேலைன்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சோம்."

அண்ணன் நடையை நிறுத்தினான்.

"அவ நம்பர் இருக்காம்மா?" என்றான்.

மாலைக்குள் புதிய பக்கம் தயாரானது. முழு வகுப்பில் சேர்ந்தவர்கள், தேர்வு எழுதியவர்கள், முதல்கட்டம் தாண்டியவர்கள், வேலை பெற்றவர்கள் என்று தனித்தனி எண்கள். மாதிரித் தேர்வு மட்டும், நேர்முகப் பயிற்சி மட்டும் என வந்தவர்கள் வேறு பகுதியில். போன வருடத்தின் எழுபதையும் அவள் அதேபோல் பிரித்தாள். முழு வகுப்பில் படித்தவர்கள் பதினாறுதான். அந்தத் தட்டச்சர் அக்காவையும் சேர்த்தபின் பதினேழு. எண் ஏன் மாறியது என்று மேலே இரண்டு வரி எழுதினாள். பேட்ச் பக்கத்தில் எப்போதும் நின்றுகொண்டிருந்த 'சில இடங்களே உள்ளன' என்ற வரியை அழித்து, உண்மையில் எத்தனை காலி என்று போட்டாள். ஏறக்குறைய எல்லாமே காலி.

"இதைப் பாத்தா எவன்டி வருவான்?" என்றான் அண்ணன். அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனாலும் வெளியிடும் பொத்தானை அழுத்தினாள்.

திங்கட்கிழமை காலை பேட்ச் பாதிதான் நிரம்பியது. மாலை பேட்சைத் தொடங்கவே முடியவில்லை. சேர்ந்திருந்தவர்களைக் கூப்பிட்டுச் சொல்லி, காலைக்கு மாற்றி, அன்றே பக்கத்தையும் திருத்தினாள். எதிர்க் கட்டட வாசலில் கூட்டம் நின்றது. அந்த அம்மாவும் மகளும் வரவே இல்லை.

இடைவேளையில் அண்ணன் சாக்பீஸ் கையோடு அலுவலக அறைக்கு வந்தான்.

"முதல்கட்டம் தாண்டினவங்க இவ்வளவு பேர் இருந்தும் கட்டுரை எழுதற அடுத்த கட்டத்துல ஏன் விழுந்துட்டாங்க? அந்த எண்ணையே பாத்துக்கிட்டிருக்கேன், தூக்கம் வரல. கட்டுரை எழுத வைக்கவே இல்லடி நாம. இன்னிக்கே ஆரம்பிச்சுடலாமா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் வகுப்பறைப் பக்கம் வேகமாகப் போய்விட்டான்.