நீளமாக எழுதியவள்

தென்காசியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் கோமதிசங்கர் சாப்ட்வேர் கம்பெனி நடத்தினார். ஜெயபிரியாவுக்கு அங்கே சோதித்துப் பார்க்கிற வேலை. குற்றாலத்து லாட்ஜ் ஒன்றுக்காக அவர்கள் ஒரு சாட் செய்திருந்தார்கள். தங்க வருகிறவர்கள் போனில் எழுதினால் அது பதில் சொல்லும். சாப்பாட்டு ஆர்டரையும் சமையல்கட்டுக்கு அனுப்பும்.

ஜெயபிரியா இங்கிலீஷில் எவ்வளவோ பேசியும் முதலில் சொன்னதை அது மறக்கவில்லை. அதே பேச்சைத் தமிழில் பேசினால் பாதியிலேயே கோட்டைவிட்டது.

“தமிழ்ல பேசினா அதோட ஞாபகம் சீக்கிரம் ரொம்பிருது சார்,” என்றாள் ஜெயபிரியா. “உள்ள இருக்குற ஏஐ மாடல் எதையுமே துண்டு துண்டா ஒடச்சுத்தான் படிக்கும். டோக்கன்னு சொல்லுதோம்லா, அது. எதெது ஒரு துண்டுன்னு முடிவு பண்ணினப்ப இங்கிலீஷ்தான் மலையா குமிஞ்சு கெடந்துருக்கு, தமிழ் கொஞ்சூண்டு. ஹோட்டல்னு இங்கிலீஷ்ல அடிச்சா ஒரே துண்டு. தமிழ்ல அடிச்சா எழுத்தெழுத்தா நொறுங்கி ஏழெட்டு ஆவுது. ஞாபகத்துக்கு இருக்குற எடம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். ரொம்பினா நம்ம புரோகிராம் பழைய மெசேஜுல இருந்து வெட்டுது.”

“அதுக்கு?”

“நோய், சாப்பாட்டுல ஒத்துக்காதது, இதையெல்லாம் தனியா எடுத்து வச்சு ஒவ்வொரு தடவையும் கூடவே அனுப்பணும். ரெண்டு நாள் குடுங்க.”

“சாரல் சீசன் ஆரம்பிச்சாச்சு. லாட்ஜுக்காரன் நாளைக்கே கேக்கான். அங்கன வந்து எவன் காவியம் எழுதப்போறான்? ரெண்டு வரி அடிச்சுட்டு அருவிக்குப் போயிருவான்.”

பக்கத்து நாற்காலிக்காரர்கள் சிரித்தார்கள். ஜெயபிரியாவும் கொஞ்சம் சிரித்துவைத்தாள். சாட் மறுநாள் ஓட ஆரம்பித்தது.

திருவேங்கடத்திலிருந்து கணவர், மகளோடு லாட்ஜில் வந்து இறங்கிய ஹைருன் பீவி காவியம்தான் எழுதினாள். மகள் ராபியாவுக்கு நிலக்கடலை ஆகாது, வாயில் பட்டாலே மூச்சு முட்டும் என்பதுதான் முதல் மெசேஜ். அப்படியே கவனித்துக்கொள்வதாக சாட் பதில் சொன்னது. மனிதரிடம் பேசுவதுபோல் அவள் எழுதிக்கொண்டே போனாள். ஐந்தருவியில் கூட்டம் எப்படி, பெண்கள் உடைமாற்ற இடம் உண்டா, பிள்ளைக்குச் சளி பிடிக்குமா என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அது பத்தி பத்தியாகத் தமிழில் பதில் சொன்னது. அந்தப் பதில்களும் இடத்தை அடைத்தன. சாயங்காலம், பிள்ளைக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டாள். இட்லியும் சட்னியும் சொல்லிவிடுவதாக அது எழுதியது. முதல் மெசேஜ் அதற்குள் வெட்டுப்பட்டிருந்தது. சமையல்கட்டுக்கு எந்த எச்சரிக்கையும் போகவில்லை. அன்று அரைத்திருந்தது நிலக்கடலைச் சட்னி.

தென்காசி ஆஸ்பத்திரியில் ராபியா தொண்டையில் குழாயோடு கிடந்தாள். பிழைத்துவிடுவாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கோமதிசங்கர் ஜெயபிரியாவையும் கூட்டிக்கொண்டு போனார். என்ன சொல்ல வேண்டும் என்று காரிலேயே சொல்லிக்கொடுத்தார். “பொய் ஒண்ணும் சொல்லவேண்டாம். உள்ளதச் சொல்லு. முன்னாடியே கண்டுபிடிச்சத மட்டும் சொல்லாத. நாளைக்கும் வேலைக்கு வரணும்லா?”

வராந்தாவில் ஹைருன் பீவி போனை நீட்டினாள். “இங்கன பாருங்க. மொத மெசேஜே இதான். நான் சொன்னேன்.”

கணவர் எட்டிப் பார்த்தார். கோமதிசங்கர் ஜெயபிரியாவைப் பார்த்தார்.

“ஒங்க போன்ல இருக்கும்க்கா,” என்றாள் ஜெயபிரியா. “சாப்பாடு சொன்னப்ப மெஷினுக்கு அது போயிருக்காது. தமிழ் அதுக்கு நெறைய எடம் புடிக்கும். நீங்க நீளமா எழுதிட்டீங்க. அதுல மேல உள்ளது வெட்டுப்பட்டுட்டு. இதையே இங்கிலீஷ்ல எழுதியிருந்தா மறந்திருக்காது.”

அத்தனையும் உண்மை. சொல்லும்போது குரல்கூட நடுங்கவில்லை என்பதை அவளே கவனித்தாள்.

“எனக்கு இங்கிலீஷ் வராதே,” என்றாள் ஹைருன் பீவி. பிறகு மெதுவாக, “நான் சும்மா இருந்திருந்தா அதுக்கு ஞாபகம் இருந்திருக்குமா?”

கோமதிசங்கர் சொன்னார். “இருந்திருக்கும், அம்மா.”

கணவர் போனைப் பிடுங்கிக்கொண்டார். “வாய மூடத் தெரியாது ஒனக்கு. மெஷின்கிட்டயும் ஒன் வாயி. பிள்ளைய இப்படிக் கெடத்திட்டியேட்டி.”

ஹைருன் பீவி வார்டுக் கதவுப் பக்கம் திரும்பினாள். அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்த மகளிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் உதடு மட்டும் அசைந்தது. “ரெண்டு நாள் கேட்டேன், தரவில்லை” என்ற ஒரு வரி ஜெயபிரியாவின் தொண்டைவரை வந்தது. கணவரின் சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. அவள் படியிறங்கினாள்.

“தெளிவாச் சொன்ன,” என்றார் கோமதிசங்கர், கார்க் கதவைத் திறந்துவிட்டு. “இனி கிளையன்ட் யாரு வந்தாலும் நீயே பேசு.”

“சரி சார்,” என்று சொல்லி அவள் உள்ளே ஏறினாள்.